குறைந்ததாகத் தெரிகிறது

எழுபதுகளில் நான் வண்டன்மேட்டில் ஆங்கில ஆசிரியர். அப்போது ஏலக்காய்த் தோட்டங்களில், செடியைக் குன்றவைக்கும் கட்டை நோய் பரவிக்கொண்டிருந்தது. நோய் கண்ட செடிகளை உடனுக்குடன் வேரோடு அகற்றினால் பலன் உண்டா என்று இரண்டு தோட்டங்களில் ஓராண்டு ஆராய்ந்த ஓர் அம்மையார், கருத்தரங்குக்கான ஆய்வுச் சுருக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"இவ்விரு தோட்டங்களிலும் புதிய தொற்று குறைந்ததாகத் தெரிகிறது" என்று அவர் எழுதியிருந்தார். ஆங்கிலம் மிடுக்காக இருக்கட்டும் என்று நான், "இம்முறை நோயைக் கட்டுப்படுத்துகிறது" என்று பொருள்பட எழுதினேன். இரண்டே தோட்டங்கள் என்பதையும் ஓராண்டு என்பதையும் விட்டுவிட்டேன்.

படித்ததும் அவர் முகம் மாறியது.

"சார், இது நான் சொன்னது இல்லையே. நோயைப் பரப்புற அசுவினிப் பூச்சியே அந்த வருசம் கம்மி. அதனாலகூட குறைஞ்சிருக்கலாம்."

"இப்படி இழுத்துச் சொன்னா யாரும்மா மதிப்பாங்க?"

"இதை நம்பி ஒரு விவசாயி செடியைப் பிடுங்குவாரு சார். எனக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தானே சொல்லணும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் உட்கார்ந்து, நான் விட்டதைச் சேர்த்து, ஒவ்வொரு வினைச்சொல்லாகத் திருத்தினோம். "கட்டுப்படுத்துகிறது" போய், "தெரிகிறது" என்று பொருள்படும் "அப்பியர்ஸ்" வந்தது. காரணம் சொல்லும் இடத்தில் "இருக்கலாம்" என்பதற்கான "மே" வந்தது. "வேறு உயரங்களில் சோதிக்கப்படவில்லை" என்று அவர் எழுதியிருந்த கடைசி வரியையும் அப்படியே ஆங்கிலத்தில் வைத்தோம்.

கருத்தரங்கு முடிந்த சில வாரங்களில் அவர் ஒரு கடிதத்தோடு பள்ளிக்கே வந்துவிட்டார். வேறொரு மலையில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார்: "நீங்கள் சோதிக்காத உயரத்தில்தான் எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே செய்து பார்க்கலாமா?"

"பார்க்கலாம்னு பதில் எழுதணும் சார்," என்றார் சிரித்தபடி. "இதையும் நீங்களே இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."