'எப்போதும்' என்று எழுதிய மனு

பல்லாவரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோல் பட்டறை இருந்தது. எண்பதுகளின் கடைசியில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக ஆரம்பித்தது. ஆபீசில் கடிதம் எழுதிப் பழகியவன் என்று, மனு எழுதும் வேலையைத் தெருக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். கோபத்தோடு எழுதினேன்: 'எல்லாக் கிணறுகளும் பாழாகிவிட்டன. தண்ணீர் எப்போதும் நாறுகிறது. ஒருவராலும் ஒருநாளும் குடிக்க முடிவதில்லை.'

மனுவை விசாரிக்க அதிகாரி வந்தது நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரத்தில். முதல் வீட்டிலேயே வாளியில் தெளிந்த தண்ணீர் ஏறியது. வீட்டுக்காரர் வெள்ளந்தியாக, "நாங்க இதைத்தான் குடிக்கிறோம் சார்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "எல்லாக் கிணறும், எப்போதும்னு எழுதியிருக்கீங்க. முதல் கிணறே அப்படி இல்லையே. மிச்சத்தை எப்படி நம்பறது?"

மற்ற கிணறுகளைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறிவிட்டார்.

அதன்பின் பல மாதங்கள், ஆபீஸ் முடிந்து ரயிலை விட்டு இறங்கியதும் நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போனேன். கால் கடுக்கும். எல்லோரும் சொன்னதையே சொல்வார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் மகளுக்குக் கையெல்லாம் புண்.

"எப்பவுமே நாறுதுன்னு போடு சார்" என்றாள் அந்தத் தாய்.

"மழைக்காலத்துலயுமா?"

"அப்போ கொஞ்சம் தெளிஞ்சு கீது. பட்டறைல கழிவுத் தண்ணி தொறந்து வுட்டா, மறுநாள்தான் பேஜார்."

அதையே எழுதிக்கொண்டேன். புண்ணுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று நான் எழுதவில்லை. 'தெருவில் மூன்று பிள்ளைகளுக்குப் புண் வந்திருக்கிறது. தண்ணீர் காரணமா என்று பரிசோதிக்க வேண்டும்' என்று எழுதினேன். படித்துக் காட்டியதும் அவள் முகம் மாறியது.

"அப்போ நாங்க பட்டதெல்லாம் பொய்யா சார்?"

"இல்லம்மா. அவங்க வந்து பார்த்தா பொய்யாகாததை மட்டும் எழுதறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநாள் என்னோடு பேசவில்லை. அவள் நியாயமும் எனக்குப் புரிந்தது.

புது மனுவில், தெருவின் பதினோரு கிணறுகளில் ஏழில், கழிவுநீர் விட்ட மறுநாள் பெரும்பாலும் தண்ணீர் பழுப்பாகி நாறுகிறது, மழைக்காலத்தில் குறைகிறது என்றிருந்தது. நாங்கள் குறித்துவைத்த தேதிகளையும் சேர்த்திருந்தேன். அதே அதிகாரிதான் வந்தார், அந்தத் தேதிகளைக் கணக்குப் பார்த்து, கழிவுநீர் விட்ட மறுநாளாக. ஏழு கிணறுகளிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

பட்டறை முதலாளி, "மழை பெஞ்சா தண்ணி சுத்தமாத்தான் சார் இருக்கு" என்றார்.

"அதை அவங்களே எழுதியிருக்காங்க" என்றார் அதிகாரி.

பரிசோதனை முடிவு வந்து, கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்று பட்டறைக்கு உத்தரவு போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கிணறுகள் முழுதாகத் தெளியவில்லை. வாரம் இருமுறை தண்ணீர் லாரி வந்தது. ஆபீசுக்குக் கிளம்புமுன் நானும் குடத்தோடு வரிசையில் நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.