ஒன்றும் ஒன்றும் பக்கத்தில் நின்றால்

அலுவலகத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார் கோணல் பார்க்கும் கருவியின் பெயர்; முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும் நினைவில் வைத்திருந்தது. கணினி எழுத்துகளுக்கு ஃபான்ட் வடிவமைப்பது தொழில், பிறர் கோணலைச் சுட்டிக்காட்டுவது பிறவிக்குணம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டிய படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். மனைவியின் அண்ணன் கட்டிய புது வீட்டில் சமையலறை டைல்ஸ் ஒரு வரிசை விலகியிருந்தது. "யாரு பாக்கப்போறா மாப்ள?" என்று அவர் சிரித்தார். ரசமட்டம் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பேக்கரி நிறுவனத்தின் விலைப்பலகைக்கான ஃபான்ட் வேலை வந்தது. கிளை கிளையாய்ப் பரந்த நிறுவனம். இது நன்றாக முடிந்தால் தலைமை வடிவமைப்பாளர் நாற்காலி. அதற்காக அவர் காத்திருந்த காத்திருப்பில் தலைமுடியில் பாதி போயிருந்தது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. விலைகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்போது இலக்கங்கள் நேராக நிற்க வேண்டுமென்றால், எல்லா இலக்கமும் ஒரே அகல இடத்தைப் பிடிக்க வேண்டும். எட்டுக்கு உடம்பு உண்டு, ஒன்றுக்கு எலும்புதான். ஆகவே ஒன்றின் காலடியில் சிறு பீடம் போட்டு, இருபுறமும் வெற்றிடம் விட்டு, எட்டின் அகலத்துக்குக் கொண்டுவந்தார். விலைக்கு முன்னால் வரும் பணக்குறியையும் அதே அகலத்துக்குள் அடக்கினார். அதன் குறுக்குக் கோடுகள் கறுத்துத் திரண்டுவிடாமல் இழைத்து மெலியவைத்தார். சரிபார்த்தார். தூக்குநூல் பிடித்தாற்போல் நின்றன.

அங்கே விட்டிருக்கலாம். ஒப்படைக்கும் நாள் காலையில், அதே ஃபான்டில் அமைத்த பெரிய விளம்பரத் தட்டியில் ஒன்றும் ஒன்றும் பக்கத்தில் நின்றதைப் பார்த்தார். நடுவே பல்போன இடைவெளி. பொறுக்குமா? பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் இடைவெளியைக் குறைக்கும் கெர்னிங் போட்டார். தட்டிக்கென்று தனி இலக்கங்கள் வரைந்து, அவற்றுக்குத்தான் கெர்னிங் போட வேண்டும். ஒரே அகலத்தில் நிற்கும் விலைப்பட்டியல் இலக்கங்களைத் தொடவே கூடாது. இதை ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் இவர்தான். அவசரத்தில் பட்டியல் இலக்கங்களுக்கே போட்டுவிட்டார்; மறுபடி சரிபார்க்கவும் இல்லை. அவர் செய்ததை எதற்குச் சரிபார்க்க வேண்டும்?

பேக்கரி அலுவலகத்தில் விளம்பர மேலாளர் ஆரம்பித்தார். "சார், பணக்குறியைக் கொஞ்சம் சின்னதாக்குங்களேன். விலை கம்மின்னு தோணும்."

"உங்க கேக்கைச் சின்னதாக்குங்க, எனக்கென்ன! குறியோட அகலத்துல கைவச்சா வரிசை போச்சு. என் பலகையில ஒரு மயிரிழை விலகாது. பாருங்க!"

திரையில் பலகை எழுந்தது. 480. 260. 115. இலக்கங்கள் வலப்புறம் ஒட்டி நிற்க, 115 வரியில் மட்டும் ஒன்றும் ஒன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டன. முதல் ஒன்று வலப்பக்கம் நகர்ந்தது, பணக்குறியும் அதன் பின்னாலேயே போய் வரிசையை விட்டு உள்ளே நின்றது. ரசமட்டம் அதைப் பார்த்துவிட்டார்.

"அடேங்கப்பா! என்ன நேர்த்தி!" என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். இவருடைய முதலாளி எழுந்து நின்றே தட்டினார்.

இப்போதாவது வாய் திறந்திருக்கலாம். 'ஒரு சின்னத் தவறு, சாயங்காலத்துக்குள் சரிசெய்து தருகிறேன்' என்றால் தீர்ந்தது. ஆனால் மயிரிழை என்று மார்தட்டிய சூடு இன்னும் ஆறவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நாற்காலி கிடைத்தது. கெர்னிங்கை நீக்கிய ஃபான்டை அன்றே தயார்செய்துவிட்டார். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்களே? அது கணினியிலேயே தூங்கியது. கிளைதோறும் பலகை அச்சாகி ஏறியது. அவர் பேக்கரி இருக்கும் தெருக்களைத் தவிர்த்து, சுற்றுவழியில் வீடு திரும்பக் கற்றுக்கொண்டார். புது நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி விடவில்லை. "ஊரே பாத்துட்டுப் பேசுது, நான்தான் இன்னும் பாக்கல. அண்ணனையும் வரச்சொல்லியிருக்கேன். பழசையெல்லாம் மறந்துட்டு வாங்க."

பேக்கரியில் அண்ணன் முன்னமே வந்து, பலகையின் அடியில் அண்ணாந்து நின்றிருந்தார். அந்தப் பெரிய பலகையில் மயிரிழை ஒரு விரல் அகலமாக வளர்ந்திருந்தது.

"பிரமாதம் மாப்ள! எல்லாம் அச்சு வச்சாப்ல இருக்கு." கண்ணைச் சுருக்கினார். "அந்த நூத்திப் பதினஞ்சு மட்டும் கொஞ்சம் உள்ள போயிருக்கோ? யாரோ தப்பா அச்சடிச்சிட்டாங்க போல. நீங்க சொல்லக்கூடாதா?"

மனைவியும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். சுவரில் படம் கோணினால் தூங்காத மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான்," என்றார் ரசமட்டம். "யாரு பாக்கப்போறா?"