பதினாலு இடத்தில் ‘காட்டுகிறது’

எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் அவர் லேப் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமையாசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷமாக அறிவியல் கூடத்தில் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, அமிலம் அளந்து கொடுப்பது, உடைந்ததற்குத் திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. பெயர்ப்பலகையில் மட்டும் அவர் பெயர் கிடையாது.

நான் அங்கே தமிழ் வாத்தியார். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அக்காவின் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு புண்ணியவான் ‘நீர்த்த அமிலம்’ என்று தப்பாகச் சீட்டு ஒட்டிவைத்த பாட்டிலை அக்கா எடுத்திருக்கிறார். உள்ளே இருந்தது நீர்க்காத அமிலம். அன்றிலிருந்து கூடத்தில் எல்லாப் பாட்டிலுக்கும் அவர் கையெழுத்தில்தான் சீட்டு. என்ன, எப்போது, எவ்வளவு. தெரியாததை எழுத விடமாட்டார். “தெரிஞ்சத எழுது, தெரியலன்னா தெரியலன்னு எழுது” என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளையே விரட்டுவார். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் பலமுறை கிடைத்திருக்கிறது.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளியின் ஐந்து குடிநீர்க் குழாய்களையும் சோதித்தார்கள். மருந்து போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, மூடி, இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கழிவில் இருக்கும் கிருமி இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் கறுத்துப்போகும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்றாம் குழாயின் பாட்டில் கறுத்தது. மற்ற நான்கும் கறுக்கவில்லை. கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரும் கறுக்கவில்லை.

அறிக்கையை எழுதி, மொழி பார்க்க என்னிடம் கொண்டுவந்தார்கள். ‘காட்டுகிறது’ என்ற சொல் பதினாலு இடத்தில் இருந்தது. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பதினாலையும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

“ஒரே சொல்ல வச்சு மாவரைக்கிறீங்களா? தமிழுக்கு என்ன பஞ்சமா?” என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். காட்டுகிறது, விளக்குகிறது, வெளிப்படுத்துகிறது, உணர்த்துகிறது, மெய்ப்பிக்கிறது, நிரூபிக்கிறது. “மாத்தி மாத்திப் போடுங்க. முடிவுரைக்குக் கனமான சொல்லா போடுங்க.”

அச்சடித்த பிரதியைக் கட்டும்போது அக்கா படித்திருக்கிறார். நேராக ஆசிரியர் அறைக்கு வந்தார்.

“சார், இதுல குழாயோட படத்தப் போட்டு, அது வெளிப்படுத்துதுன்னு இருக்கு. அங்க என்ன ஒளிஞ்சிருந்துச்சு வெளிய வர? குழாய்தான இருக்கு?”

“அது நடை அழகு அக்கா.”

“கடைசில நிரூபிக்குதுன்னு இருக்கே. ஒரு குழாய்க்கு ஒரு பாட்டில் வச்சிருக்கோம். அதுவும் ஒரே ஒரு தடவ. அவ்வளவு பெரிய சொல்ல இது தாங்குமா?”

“சோதனை உங்க துறை, சொல்லு என் துறை. விடுங்க” என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். முடிவுரையைச் சத்தமாகப் படித்தார். “மூன்றாம் குழாயில் கழிவுநீர் கலந்திருப்பதை எங்கள் ஆய்வு ஐயமற நிரூபிக்கிறது.” ஐயமற என்பதும் என் உபயம்.

“எத்தன தடவ பார்த்தீங்க?”

“ஒரு தடவ சார்.”

“ஒரே பாட்டில வச்சு நிரூபிச்சிட்டீங்களா? பாட்டில் சுத்தமா இல்லாம இருந்திருந்தா?”

மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் அடுத்த மேசைக்குப் போனார்.

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியருக்கு, வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. மூன்றாம் குழாயை அடைக்கச் சொல்லி அக்கா ஏற்கெனவே இரண்டு முறை கேட்டு, அவர் தட்டிக்கழித்திருந்தார். அந்தக் குழாயின் பைப்பை மாற்ற வேண்டுமானால் சாப்பாட்டுக் கூடத் தரையை உடைக்க வேண்டும். மேலதிகாரிகள் வேறு பள்ளியைப் பார்வையிட வரப்போகிறார்கள். “நடுவரே நிரூபணம் இல்லன்னுட்டார். குழாய் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பேச்ச இத்தோட விடுங்க” என்று அறிக்கையை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார். நிரூபணம் இல்லை என்றால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமா? படித்த மனிதர், தெரியாமலா சொன்னார்?

மறுநாள் அக்கா என் மேசைமேல் காலிப் பாட்டில் பெட்டியை ணங்கென்று வைத்தார்.

“பொண்ணுங்க கண்ணால பார்த்தது உண்ம சார். அதுக்கு மேல நீங்க நகை போட்டு அனுப்பினீங்க. நகை போலின்னதும் பொண்ணையே போலின்னுட்டாங்க. புள்ளைங்க இன்னும் அதே தண்ணியக் குடிக்குது. என் பொண்ணும்தான்.”

அவர் மகள் ஆறாம் வகுப்பு. என் வகுப்பு. முதல் பெஞ்சு. அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

நான் எழுந்து அவர் பின்னால் அறிவியல் கூடத்துக்குப் போனேன்.

அக்கா சோதனையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் குழாயில் தினம் மூன்று பாட்டில், மூன்று நாள். இரண்டாம் குழாயிலும் அதேபோல். கூடவே தினமும் கொதித்த தண்ணீர் ஒன்று. பாட்டில்களை முதலில் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்தார்கள். அந்த மூன்று பெண்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து தண்ணீர் பிடித்தார்கள். சீட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். குழாய் எண், தேதி, மணி. ‘அசுத்தம்’ என்று ஒன்றில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு சீட்டு நீட்டினார்.

மூன்றாம் குழாயில் ஒன்பதுக்கு எட்டு கறுத்தது. இரண்டாம் குழாயில் ஒன்றும் இல்லை, கொதித்ததிலும் இல்லை. நான் உட்கார்ந்து என் கனமான சொற்களை ஒவ்வொன்றாக அடித்தேன். ‘ஒன்பது பாட்டில்களில் எட்டு கறுத்ததை அட்டவணை காட்டுகிறது. பாட்டிலை நிரப்பும் முறையைப் படம் விளக்குகிறது. கழிவு கலந்திருக்கலாம் என்பதை இது சுட்டுகிறது. உறுதிசெய்ய நீர் ஆய்வகத்தின் சோதனை தேவை.’ அவ்வளவுதான்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே அக்காவின் மகள் வயிற்றுப்போக்கில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா காலையில் அங்கே, மதியம் இங்கே.

எனக்கு ரத்தம் கொதித்தது. அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘இத்தண்ணீரைக் குடித்த ஆறாம் வகுப்பு மாணவி மருத்துவமனையில் இருப்பதே இதன் கொடுமையை வெளிப்படுத்துகிறது.’

அக்கா படித்தார். என் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

“அக்கா, உங்க பொண்ணு.”

“எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணியாலதான்னு என் வயிறு சொல்லுது. ஆனா அவ வெளியவும் தின்னிருக்கா. டாக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு வரியப் பிடிச்சு மறுபடி எல்லாத்தையும் அலமாரில போட்டுப் பூட்டுவார் சார். அப்புறம் எத்தன பேர் புள்ளைங்க?”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. தெரியாததை எழுதக்கூடாது.

தலைமையாசிரியர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிடித்துத் தொங்க ஒரு சொல் தேடினார், கிடைக்கவில்லை. நீர் ஆய்வகத்துக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பதில் வரும்வரை மூன்றாம் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடவும் ஒத்துக்கொண்டார். அதற்குள் கண்காட்சி முடிந்து பன்னிரண்டு நாள் போயிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் என் கணக்கில்தான்.

மறுநாள் ஆறாம் வகுப்பில் வருகை எடுத்தேன். முதல் பெஞ்சில் அக்காவின் மகள் இடம் காலி; அவள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ‘வரவில்லை’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல்கூட எழுதவில்லை.