வத்தல் படம் அடைத்த வரிசை

பகல் பதினொன்று நாற்பது. திரையில் முதலில் கண்ணில் பட்டது ‘வொர்க்கர் தொடங்கியது’ என்ற வரி. அதற்குக் கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதுவே.

கோவில்பட்டியில் ஓர் உள்ளூர்ச் செய்தி ஆப்பில் செய்தி திருத்துவது என் வேலை. செய்தியோ மரண அறிவிப்போ, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். வொர்க்கர் என்ற புரோகிராம் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, படத்தைச் சுருக்கி வெளியிடும்.

என் மேஜைக்கு எதிரே பலசரக்குக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வாப்பா காலையில் மவுத்து; மரண அறிவிப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

“நாலு மணிக்கு அஸர் தொழுதுட்டு அடக்கத்துக்கு எடுக்குதோம் அண்ணாச்சி. விளாத்திகுளத்துல வாப்பாவோட வத்தல் யாவாரம் பண்ணுனவிய நம்பர் எங்கிட்ட இல்ல. இதப் பாத்துத்தான் வருவாவ.”

அந்த அறிவிப்பு வரிசையில் பின்னால் நின்றது. முதலில் நின்றது விளாத்திகுளம் நிருபர் அனுப்பிய படம்: வத்தல் காயும் களம், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே நீளப் படமாக.

“திறந்ததும் மெமரி பூராவும் தின்னுருது” என்றாள் புரோகிராம் எழுதும் பெண். “சிஸ்டம் வொர்க்கரைக் கொன்னுருது. திரும்ப எந்திரிச்சு அதே படத்தத்தான் எடுக்குது.”

படத்தை அழித்தாள். அறிவிப்பு நகர்வதற்குள் வொர்க்கர் மறுபடி விழுந்தது. அவளே நிருபருக்குப் போன் போட்டாள்.

“வரல போலன்னு நாலஞ்சு தடவ அனுப்பிட்டேன்” என்றார் அவர். “எல்லாம் காலையிலேயே அனுப்புனதுதான்.”

“அண்ணாச்சி, வத்தல ஒங்க களத்துல காயப் போடுங்க. எங்க செர்வர்ல காயப் போடாதீங்க” என்றாள் அவள்.

கடைக்காரர்கூட லேசாகச் சிரித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கையால அழிச்சா நாளைக்கு இன்னொன்னு வரும்” என்று அவள் எழுதத் தொடங்கினாள். புரோகிராமில் பிழையைப் பிடிக்கும் வரிகள் ஏற்கெனவே இருந்தன. கொல்லப்பட்ட வொர்க்கர் அவற்றை எட்டுவதில்லை. அதனால் படத்தைத் திறப்பதற்கு முன்பே ‘இது இத்தனையாவது முயற்சி’ என்று எழுதிச் சேமிக்கச் செய்தாள். மூன்று முறை விழ வைத்ததை நாலாம் முறை திறக்காமல், குவாரண்டைன் என்ற தனிப் பட்டியலுக்குத் தள்ளும். பிறகு ஆள் பார்த்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்க்கையில் ஒருமுறை கரண்ட் போனது. டீ ஆறியது.

மாற்றத்தை ஏற்றினாள். வொர்க்கர் விழுந்தது, எழுந்தது, விழுந்தது. பிறகு விழவில்லை. குவாரண்டைனில் நாலு வரிகள், நாலும் அதே களம். மூன்றேகாலுக்கு அறிவிப்பு வெளியானது.

“வந்துட்டு” என்றேன். கடைக்காரர் போனில் வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

விளாத்திகுளத்திலிருந்து வேனில் ஆறு பேர் வந்தார்கள். அப்போது கபர்க்குழியில் மண் தள்ளி முடிந்திருந்தது.