கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கோடு

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், நடைவழி முடிகிற இடத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே இருபத்திரண்டு வருஷமாக எக்கோ எடுத்தவளை எல்லோரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்துவிட்டு, பகல் முழுக்க மனிதர்களின் இதயத்தைப் படம் பிடிப்பது அவள் வேலை. மதியம் வெளியே வந்தால் வெளிச்சம் முகத்தில் வாரியடித்த தண்ணீர் மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி, பாதித் தூக்கத்தில் நடப்பவளைப் போல நடப்பாள்.

ஆட்களின் முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. கடைவீதியில் யாராவது சிரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "சட்டையைக் கழட்டிட்டு எதிர்ல வந்து நின்னாத்தான் உனக்கு அடையாளம் தெரியும் போல" என்று அவர் கிண்டல் செய்வார். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, முன்னால் இருப்பவர்களின் முதுகுகள் கரைந்துபோய், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு இதயமும் தன்பாட்டுக்குச் சுருங்கி விரிவது அவளுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். வால்வுகள் மெல்லிய துணி காற்றில் அசைவதுபோல அசையும். இறங்க வேண்டிய நிறுத்தத்தை அப்படிப் பலமுறை தவறவிட்டிருக்கிறாள்.

வேலையில் மட்டும் அவள் கனவு காண்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷம், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க, சிகிச்சைக்கு நடுவே எக்கோவுக்கு வந்தார். இதயம் நிரம்பியிருக்கும்போது அதில் உள்ள ரத்தத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு துடிப்பில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் முக்கியமான கணக்கு. அவருக்கு ஐம்பத்துநாலு வந்தது. மோசமில்லாத எண்தான். அவளும் எழுதினாள், மேலே இருந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் அதே இதயம் அறுபத்தாறு காட்டியிருந்தது என்பதை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் கால் வீங்கி, மல்லாந்து படுக்க முடியாமல் வந்தார். அதற்குப் பிறகு வாழ்ந்த கொஞ்ச காலமும் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்கினார்.

அன்றிலிருந்து, புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் யார் வந்தாலும் முதலில் பழைய படத்தைத் திறந்து திரையின் இடது பாதியில் வைப்பாள். வலது பாதியில்தான் இன்றைய படம். அதே இயந்திரம், முடிந்தவரை அதே கை, முன்னாடியே ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வது. "உன் பிடிவாதத்துல வரிசை வாசல்வரைக்கும் நிக்குது" என்று இதய டாக்டர் அலுத்துக்கொள்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்தத் தபால்காரி வந்தது அப்படித்தான். நாற்பத்து மூன்று வயது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு பகுதியில் மாடி மாடியாக ஏறிக் கடிதம் கொடுப்பவள். இடது மார்பில் கட்டி, அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. மருந்து தொடங்கும் முன்பே முதல் எக்கோ எடுத்தார்கள். பிறகுதான் ஒப்பிட முடியும் என்பதற்காக. அறுபத்து மூன்று. சிவப்பு நிறத்தில் ஏற்றுகிற மருந்து நான்கு தடவை முடிந்ததும் இரண்டாவது எக்கோ. அறுபத்தொன்று. அதன் பிறகு வேறொரு மருந்து தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒரு வருஷம். அவளுடைய வகைக் கட்டி திரும்பி வராமல் தடுப்பதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் சிலருடைய இதயத்தைத் தளர்த்திவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருட்டறைக்கு வர வேண்டும்.

மூன்றாவது எக்கோவுக்கு வந்த அன்று தபால்காரி வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாள். தலையில் முடி அரை விரல்கடை வளர்ந்திருந்தது.

"மறுபடி வேலைக்குப் போறேன் அக்கா. அரை நாள்தான். ஜம்முன்னு இருக்கேன்" என்றாள், கேட்காமலே.

இருட்டக்கா அவளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். இதயத் துடிப்பைப் பதிய மூன்று ஒட்டுப்பட்டைகளை ஒட்டினாள். ஜெல்லைத் தடவி, தழும்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை மெல்ல அழுத்தினாள். "மூச்சை விடும்மா... அப்படியே நிறுத்து." திரையில் சாம்பல் மூட்டத்துக்குள்ளிருந்து நான்கு அறைகளும் எழுந்து வந்தன. அறைக்குள் இயந்திரத்தின் முனகல் தவிர ஒன்றுமில்லை. கடலின் அடியில் யாரோ ஒரு கதவை மெதுவாகத் திறந்து மூடுவதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையின் இடது பாதியில் கதவு பட்டென்று மூடியது. அது பழைய படம். வலது பாதியில், இன்றைய படத்தில், கதவு முழுதாக மூடவில்லை.

கண்டதைத் தபால்காரியிடம் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை. தசை எவ்வளவு இழுத்துச் சுருங்குகிறது என்று இயந்திரமே புள்ளி புள்ளியாகப் பின்தொடர்ந்து கணக்குப் போடும் இன்னொரு படத்தையும் எடுத்தாள். முன்பு வட்டம் முழுவதும் அடர் சிவப்பாக இருந்தது, அளவு இருபது. இப்போது ஓரங்களெல்லாம் வெளிறி ரோஜா நிறமாகியிருந்தன. பதினைந்து.

இனி மிச்சம் இருந்தது கோடு. இதயம் நிரம்பி நிற்கும்போது உள்சுவரைச் சுற்றி ஒன்று, சுருங்கி நிற்கும்போது ஒன்று. இரண்டையும் கையால் வரைய வேண்டும். முதல் கோட்டை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கும்போது, இருட்டில் தபால்காரியின் குரல் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கோடு நீங்க கையாலதானே போடறீங்க?"

"ஆமா."

"போன தடவையே கவனிச்சேன். சுருங்கினப்போ போடற கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டா நம்பர் கூடிடுமில்ல?"

இருட்டக்காவின் கை நின்றது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"ஐம்பதுக்குக் கீழ போனா மருந்தை நிறுத்திடுவாங்களாம். ஊசி போடற இடத்துல பேசிக்கிட்டாங்க" என்றாள் தபால்காரி. இப்போது சிரிப்பு போயிருந்தது. "நிறுத்தினா அது திரும்பி வந்துடும் அக்கா. எங்க பெரியக்காவுக்கு வந்துச்சு, பாத்துட்டேன். ஒரு நூல் அளவுதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மையில் ஒரு நூல் அளவுதான். மூட்டமான படத்தில் சுவர் எங்கே முடிகிறது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து இடத்தைக் காட்டுவார்கள். அவளுக்கு இவள்மேல் பிரியமும் இருந்தது. ஒரு கணம் அந்தப் பச்சைக் கோடு திரையில் தானாகவே அலைந்து உள்ளே நகர்வது போலிருந்தது. அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் கோட்டை வரையவில்லை. கருவியைத் தாங்கியில் வைத்துவிட்டு, வலிக்கிற வலது தோளைத் தேய்த்துக்கொண்டு, நாற்காலியைப் படுக்கைப் பக்கம் திருப்பினாள்.

"எத்தனை மாடி ஏறறே இப்போ?"

"எல்லா மாடியும்தான்."

"அம்மா, உன் வாய் சொல்றதை நான் எழுதப்போறதில்லை. சும்மா எனக்குத் தெரியணும்."

தபால்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டாவது மாடியில உக்காந்துடறேன். யாராவது வந்தா கடிதத்தை அடுக்கற மாதிரி அடுக்குவேன். ரெண்டு தலைகாணி வெச்சுத்தான் படுக்கறேன். செருப்பு மாலையில இறுக்கிப் பிடிக்குது."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எங்கே சொன்னேன்? ஜம்முன்னு இருக்கேன்னுதான் சொன்னேன்."

"நான் கோட்டைத் தள்ளிப் போட்டுடலாம்டி. நீ மூணாவது மாடி ஏறணுமே. அதுக்கு நான் என்ன பண்றது?"

தபால்காரி அழுதாள். இருட்டக்கா ஜெல் துடைக்கிற காகிதத்தை நீட்டினாள். வேறொன்றும் கையருகே இல்லை. பிறகு விளக்கைப் போடாமலே கோட்டை வரைந்தாள். சுவர் எங்கே இருந்ததோ அங்கே. மூன்று துடிப்புகளில் மூன்று தடவை வரைந்து சராசரி எடுத்தாள். நாற்பத்தேழு.

எழுதிவிட்டு அனுப்பிவிடும் வழக்கத்தை மீறி, இதய டாக்டரைப் போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னாள். அவர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தார். மூச்சு வாங்குவதைப் பற்றித் தபால்காரியிடமே கேட்டார். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு புரதத்தைப் பார்ப்பதற்கு. பிறகு அங்கேயே நின்று புற்றுநோய் டாக்டரிடம் பேசினார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

"மருந்தை நிறுத்தலம்மா. தள்ளி வைக்கறோம்" என்றார் படுக்கையருகே குனிந்து. "ரெண்டு மாத்திரை தரேன். ஒண்ணு ரத்தக்குழாயைத் தளர்த்தி இதயத்தோட சுமையைக் குறைக்கும், இன்னொண்ணு துடிப்பை நிதானமாக்கும். நீர் பிரியறதுக்கும் கொஞ்ச நாள் ஒண்ணு. இந்த மருந்தால வர்ற தளர்ச்சி பெரும்பாலும் திரும்பச் சரியாகும். நாலு வாரம் கழிச்சு இதே அக்காகிட்ட வாங்க."

"அதுக்குள்ள அது திரும்பி வந்துட்டா?"

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்த இதயத்தோட அந்த மருந்தை இப்ப ஏத்தினா, அடுத்து என்ன வரும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

அந்த நாலு வாரமும் இருட்டக்கா வீட்டில், கணவர் தேர்வுத்தாள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள், "அரை மார்க் போட்டா பாஸாயிடற பையன் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "போட்டுடுவேன்" என்றார் அவர் நிமிராமலே. அவள் சிரித்தாள்.

நாலு வாரம் கழித்து நாற்பத்தொன்பது. இன்னும் காத்திருக்கச் சொன்னார்கள். தபால்காரி அன்று கோபத்தோடு போனாள். செருப்பு மட்டும் இப்போது தளர்வாக இருப்பதை இருட்டக்கா கவனித்தாள். அடுத்த நாலு வாரத்தில் ஐம்பத்துநாலு. வட்டத்தின் ஓரங்களில் சிவப்பு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மருந்தை மறுபடி தொடங்கினார்கள். இடைவெளி நீண்டுவிட்டதால் முதல் தடவை பெரிய அளவில். மாத்திரைகள் தொடர்ந்தன. எக்கோ ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றானது. எண் ஒருமுறை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது, பிறகு ஏறியது.

ஒரு வருஷத்தில் முடிய வேண்டிய மருந்து இரண்டு மாதம் தாமதமாக முடிந்தது. கடைசி எக்கோவில் ஐம்பத்தெட்டு. பழைய அறுபத்து மூன்று திரும்பவில்லை. திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாத்திரையை விடக் கூடாது, வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். தபால் அலுவலகம் அவளுக்கு லிஃப்ட் உள்ள கட்டடங்கள் இருக்கிற தெருவாகப் பார்த்து மாற்றிக் கொடுத்திருந்தது. ஆனாலும் மூன்று மாடிவரை நடந்தே ஏறுகிறேன், நாலாவதுக்குத்தான் லிஃப்ட் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

ஜெல்லைத் துடைக்கப் போன கையைத் தபால்காரி பிடித்துக்கொண்டாள். "இத்தனை தடவை படுத்துட்டேன். கோட்டையும் நம்பரையும்தான் பாத்தேன், என் இதயத்தை ஒரு தடவைகூட ஒழுங்காப் பாத்ததில்லை. பயம்."

இருட்டக்கா கருவியை மறுபடி வைத்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள். சாம்பல் மூட்டம் விலகி, அந்தச் சின்ன அறைகள் திறந்து மூடின, திறந்து மூடின. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த ஆள் காத்திருந்தார். "ரெண்டு நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டு, இருட்டக்காவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.