கறுப்புக் கரை போட்ட சீட்டு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், பல ஊர் சேர்ந்த எங்கள் கொம்யூனில் பரிசளிப்பு விழா என்றால் இன்னாசிமுத்துதான். கொம்யூன் தலைவரான மேர் சிவப்பிரகாசம் ஐயா மேடையில் பேசுவார், பட்டணத்திலிருந்து வரும் பிரெஞ்சுத் துரை கைகொடுப்பார், கூட்டம் கை தட்டும். ஆனால் யார் எப்போது எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்பது கொம்யூன் ஆபீஸ் குமாஸ்தாவான இன்னாசிமுத்துவின் சட்டைப்பையில் சீட்டுச் சீட்டாக இருக்கும்.

மெலிந்த ஆள். பேசும்போது முதல் வார்த்தையை மட்டும் இருமுறை சொல்வார். "ஐயா ஐயா, சீட்டப் பாருங்க. ஐயா ஐயா, அது தலகீழா இருக்குது." ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் குரல் வரும். அவர் காதில் விழுந்தாலும் கோபிக்க மாட்டார். "இன்னும் இன்னும் கொஞ்சம் மூக்கால பேசணும்டா" என்று திருத்திவிட்டுப் போவார்.

ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு சீட்டு. வாங்குகிறவர் பேர், தகப்பன் பேர், ஊர், எதற்குப் பரிசு, கொடுக்கிறவர் சொல்ல வேண்டிய ஒரு வரி. சீட்டில் என்ன எண்ணோ, மேசைமேல் பரிசிலும் அதே எண். முன்வரிசை பெஞ்சில் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் உட்கார வேண்டும். துரைக்கு மட்டும் நம் ஊர்ப் பேர்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தருவார். அப்படியும் துரை வாயில் உறுவையாறு என்கிற ஊர் ஓடாது. பாதியிலேயே வற்றிவிடும்.

மேருக்கு வேறு தொல்லை. கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களாம், அதனால் மேடையில் போட மாட்டார். ஒரு வருஷம் சீட்டில் இருந்ததை அப்படியே படித்தார்: "மிகவும் கெட்டிக்காரப் பெண், சிரித்தபடி கைகொடுக்கவும்." கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் இன்னாசிமுத்து நிறத்தைக் கொண்டு வந்தார். வாயால் சொல்ல வேண்டியது கறுப்பு மையில், கையால் செய்ய வேண்டியது சிவப்பு மையில்.

"ஐயா ஐயா, எழுத்து அப்பறம். மொதல்ல நெறத்தப் பாருங்க."

"நெறம் பாத்தாப் போதும்னு சொல்லுடா, நான் ராசா மாதிரி நடத்திடறேன்" என்றார் மேர்.

வராதவர்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. முன்பெல்லாம் பேர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால், துரை புத்தகத்தை நீட்டியபடி நிற்பார், ஜனம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இன்னாசிமுத்து அதை நிறுத்தினார். விழா தொடங்குமுன் பெஞ்சை ஒரு சுற்று பார்ப்பார். ஆள் இல்லையென்றால் அந்த வெள்ளைச் சீட்டை உருவிவிட்டு, அதே இடத்தில் நீலச் சீட்டைச் செருகுவார். அதில் "வரவில்லை" என்றும், யார் வந்து வாங்கிக்கொள்வார் என்றும் இருக்கும். வாங்க ஆளில்லாத பரிசு ஆபீசுக்குத் திரும்பும்.

அந்த ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாள் விழாவன்று, நீலக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது. பரிசுக்குரிய பிள்ளைகளில் ஒருவன்தான் இல்லை. உறுவையாற்று மணியம்மாளின் மகன் இருசப்பன். போன வருஷப் பரீட்சையில் கொம்யூனிலேயே முதலாவதாக வந்தவன். தை மாசம் தாய்மாமனோடு சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடுதாசி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அவனுக்குப் பதில் அம்மா வாங்கிக்கொள்வாள் என்று ஏற்பாடு.

இன்னாசிமுத்து ஆபீஸ் அலமாரியைத் துழாவினார். பழைய மேர் இறந்தபோது சாவு அறிவிப்புக்கு வாங்கியதில் மிச்சம் கிடைத்தது, நல்ல கெட்டி அட்டை, சுற்றிக் கறுப்புக் கரை. தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு சீட்டுதானே என்று எழுதிச் செருகிவிட்டார்.

பந்தலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சேவகன் மாரிமுத்து எண் பார்த்துப் பரிசை எடுத்துத் தர, மேர் படிக்க, துரை கைகொடுக்க, பிள்ளைகள் வந்து வந்து போனார்கள். அப்புறம் மேர் அடுத்த சீட்டை எடுத்தார். பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இருசப்பன். உறுவையாறு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நம்ம கொம்யூனுக்கே பேரு வாங்கிக் குடுத்த புள்ள. போன எடத்துல இப்பிடி ஆவும்னு யாரு கண்டது. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

துரை எட்டிப் பார்த்தார். கரையைக் கண்டதும் அவரும் தொப்பியைக் கழற்றினார்.

சனம் மொத்தமும் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் மணியம்மாளும் எழுந்து நின்றாள். எல்லோரும் நிற்கிறார்களே என்று நின்றாள். பரிசு வாங்கவென்று கட்டியிருந்த புதுப்புடவையில் இன்னும் கஞ்சி விறைப்பு இருந்தது. பக்கத்திலிருந்த தையலம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எம் புள்ள பேரத்தான சொன்னாரு?"

தையலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. மணியம்மாள் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

வெளிநாட்டில் ஒருவன் செத்தால் சேதி முதலில் கொம்யூன் ஆபீசுக்குத்தான் வரும். மேர் வாயால் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னாசிமுத்து மேடை ஓரத்திலிருந்து குதித்தார். முதல்முறையாக அவர் வாயில் எந்த வார்த்தையும் இருமுறை வரவில்லை.

"சாவு இல்ல. யாரும் சாவல. காகிதம் இல்லன்னு அத எடுத்தேன்."

மேர் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். உதட்டை அசைத்துப் படித்தார். முகம் வெளுத்தது. "நெறத்தப் பாருன்னு நீதானடா சொன்ன" என்றார்.

இன்னாசிமுத்து மணியம்மாள் எதிரில் குத்துக்காலிட்டார். "எம் தப்பு தாயி. அவன் வரலன்னுதான் அதுல எழுதியிருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப எம் புள்ள உசுரோட இருக்கறானா?"

"சாவு சேதி எதுவும் ஆபீசுக்கு வரல."

"அது இல்ல ஐயா நான் கேட்டது. உசுரோட இருக்கறானா? நீ சொல்லு."

சைகோனில் இருப்பவனைப் பற்றி இன்னாசிமுத்துவுக்கு என்ன தெரியும்? நூறு ஜனம் சுற்றி நின்று அவர் வாயைப் பார்த்தது. மாரிமுத்து சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"செத்தவன் சாமானா அது? எனக்கு வாணாம்."

விழா அதோடு கலைந்தது. துரை வண்டியேறியதும் மேரே பட்டணத்துக்கு ஆள் அனுப்பி, தாய்மாமன் வேலை பார்த்த கிடங்குக்குத் தந்தி அடிக்கச் செய்தார். இன்னாசிமுத்து தினமும் தபாலாபீஸ் வாசலில் போய் நின்றார். ஊர்ப் பிள்ளைகள் அவர் குரலில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உறுவையாற்றில் மணியம்மாள் அடுப்பு மூட்டவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "இன்னும் தெரியல, போங்க" என்றாளாம்.

பதில் வந்தது. இன்னாசிமுத்து செருப்புக்கூடப் போடாமல் உறுவையாற்றுக்கு நடந்தார். கூடவே புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்.

"படி" என்றாள் மணியம்மாள். வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"'ரப்பர் கிடங்குல வேல. நலம். ஏன் கேட்டீங்க'ன்னு கேட்டிருக்கான்."

"கேட்டிருக்கானா?"

"அவனேதான் கேட்டிருக்கான் தாயி."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். வெகுநேரம் அழுதாள். இன்னாசிமுத்து தெருவில் வெயிலில் நின்றார். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு அந்தப் பேர சாவுக்குல்ல கூப்புட்டாங்க. இப்ப சரியாக் கூப்புடு. அப்பறந்தான் வாங்குவேன்" என்றாள்.

தெருவே எட்டிப் பார்த்தது. இன்னாசிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கையில் சீட்டு இல்லை.

"உறுவையாறு, இருசப்பன். பரீட்சையில மொதலாவது. சைகோன்ல வேலையில இருக்கறான். அவனுக்காக அவங்க அம்மா."

மணியம்மாள் படியிறங்கி வந்தாள். இரண்டு கையையும் நீட்டிப் புத்தகத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"நடுவுல 'இருக்கறான்'னு ஒண்ணு சொன்னியே ஐயா," என்றாள், "அத மட்டும் இன்னொருவாட்டி சொல்லு."