ஓடாத சில்லர் வியர்த்தது

ஏசி ஓடும்போது படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்ததற்காக என் மனைவிக்கு நான் எடுத்த வகுப்புகளைத் தொகுத்தால் ஒரு தடித்த நூலாகும். அப்பேர்ப்பட்ட நான், நான் பராமரிக்கும் கட்டடத்தில் எட்டு அங்குலக் குழாய் ஒன்றைத் திறந்து போட்டுவிட்டு, குளிர் எங்கே போகிறது என்று தேடினேன். தேடி ஆளையும் பிடித்தேன். ஆனால் தப்பான ஆளை.

எங்களுடையது எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கண்ணாடி போர்த்திய ஒன்பது மாடி. சரக்குக் கப்பல் வேலை பார்க்கும் அலுவலகங்கள் நிறைந்தது. ஜன்னல் ஒன்றும் திறக்காது. திறந்தால் சாம்பலும் லாரிப் புகையும் சமபங்காக உள்ளே வரும். ஆகவே குளிர்ந்த நீர் மாடி மாடியாக ஓடினால்தான் மனிதர்கள் மனிதர்களாக இருப்பார்கள். அந்த நீரைக் குளிர்விப்பவை தரைத்தளத்து சில்லர்கள் இரண்டு. ஒன்று பழையது. இன்னொன்று அப்போதுதான் வந்திறங்கிய புதியது.

சில்லரின் யோக்கியதையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்: ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் மின்சாரம். டன் என்றதும் எடை என்று நினைக்க வேண்டாம். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எந்த வேகத்தில் சூட்டை இழுக்குமோ, அந்த வேகம். காசிமேட்டுக்கு வண்டி வண்டியாக ஐஸ் போவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எண் குறைந்தால் மெஷின் நல்லது. கூடினால் மின்சாரத்தைக் குடிக்கிறது.

இரண்டையும் ஒப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சோம்பேறிதான், ஆனால் அன்று இல்லை. வெயில் ஒன்றுபோல் இருந்த இரு நாட்களில், ஒரு நாள் பழையது, மறுநாள் புதியது. மெஷினின் சூட்டை வெளியே தள்ளும் கூலிங் டவரிலிருந்து வரும் தண்ணீர் இரண்டு நாளும் ஒரே சூடு. கட்டடத்தின் தேவையும் ஒன்றே, முந்நூறு டன். மாடிகளுக்குப் போகும் பெரிய குழாயில் ஓட்டத்தை அளந்து, போகும் நீர் எட்டு டிகிரி, திரும்பும் நீர் பன்னிரண்டு என்று பார்த்து டன்னைக் கணக்கிட்டேன். புதியது டன்னுக்கு 0.62. பழையது 0.92.

0.62 சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பழையது போன வருடம் 0.79 காட்டிய மெஷின். ஒரு வருடத்தில் இவ்வளவு கெடுமா? கெடும், உள்ளே டியூப்களில் படிவு சேர்ந்தால். அதோடு, எட்டு டிகிரி நீர் கொடுக்க அது தன் வாயில் நாலு டிகிரி வரை இறங்கி முக்கிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து "புழுங்குது" என்று போன் வந்ததால் ஆபரேட்டர் அப்படி இறக்கி வைத்திருந்தார். அதையும் மெஷினின் முதுமைக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

டியூப் சுத்தம் செய்தவர் ராயபுரம் பாய். நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு எங்கள் பழைய சில்லரின் பராமரிப்பை வருடக்கணக்காகப் பார்த்து வந்தவர். அந்த நால்வரின் வீட்டு அடுப்புக்கும் எங்கள் கட்டடம்தான் பெரிய விறகு.

நிர்வாக மேலாளர் அறையில் கூட்டம். மேலாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"என்ன பாய், டியூப்பைக் கழுவுனியளா, இல்ல துணியால தொடச்சியளா?"

"சார், இன்னா சார் இது? பிரஷ் வுட்டு ஒவ்வொரு டியூப்பா இடிச்சிகினு போனோம். டவுட்டு கீதுன்னா இப்பவே கவர கழட்டிக் காட்றேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். கழற்றினால் மெஷின் இரண்டு நாள் நிற்கும். என் 0.92 காகிதத்தில் அச்சடித்து, அடிக்கோடும் இட்டு இருந்தது.

"பாய், எண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன். இப்படியொரு வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்புக்காக நான் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சொன்னதும் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது என்றார் மேலாளர்.

அடுத்த வாரம் புதிய சில்லரை நிறுத்தி, விற்ற கம்பெனிக்காரர்கள் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழையது ஓடியது. நான் பேச்சுக் கொடுத்தபடி, நின்றிருந்த புதிய மெஷினின் வால்வில் கை வைத்துச் சாய்ந்தேன். சட்டைக் கை நனைந்தது.

வால்வு சில்லென்று வியர்த்துக்கொண்டிருந்தது.

ஓடாத மெஷின் ஏன் வியர்க்க வேண்டும்? உள்ளே தண்ணீர் ஓடுவதால். மாடியிலிருந்து திரும்பும் பன்னிரண்டு டிகிரி நீரில் பாதி, தூங்கும் புதிய மெஷின் வழியாக, குளிராமலேயே புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியைப் பழையது நாலு டிகிரிக்கு இறக்கினால்தான் இரண்டும் கலந்து எட்டாகும். நீரை எவ்வளவு கீழே இறக்குகிறோமோ, அவ்வளவு மின்சாரம் கூடும். என் கணக்கில் தப்பில்லை. டன் சரி, கிலோவாட் சரி. இருவர் பிழிய வேண்டிய ஈரத் துணியை ஒருவரையே பிழியவிட்டு, மூச்சு வாங்குகிறதே என்று குறித்திருந்தேன், அவ்வளவுதான்.

"இந்த வால்வை ஏன் மூடலை?" என்று ஆபரேட்டரிடம் பாய்ந்தேன்.

அவர் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட தாள்: 'புதிய சில்லரின் வால்வுகளை யாரும் தொடக் கூடாது.' கீழே கையெழுத்து. நல்ல கையெழுத்து. என்னுடையது. மூடிய வால்வோடு யாராவது மெஷினைக் கிளப்பி, உள்ளே நீர் உறைந்து டியூப் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் நானே ஒட்டியது. புதியதைச் சோதித்த நாளில் பழையதன் வால்வை வழக்கம்போல் மூடிவிட்டார்கள். அதற்கு அப்படி ஒரு தாள் இல்லை.

வால்வை மூடி, அதே முந்நூறு டன்னில் பழையதை மறுபடி அளந்தேன். 0.80. ஏறக்குறைய போன வருடத்து எண்தான். பாயின் பிரஷ் ஒரு டியூப்பையும் விடவில்லை. புதியதுதான் இன்னும் சிக்கனம், அதில் மாற்றமில்லை. ஆனால் பழையதன் மேல் நான் சுமத்தியதில் பெரும்பகுதி என் தாளின் வேலை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பாயைப் போகச் சொன்னது?" என்றார்.

"என் தப்பு சார்."

"அது தெரியுது. திரும்பக் கூப்பிடுதது யாரு?"

ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாயின் பட்டறை. ஆட்களில் இருவர் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குக் கூலிக்குப் போய்விட்டார்களாம். காரணம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பாய் ஸ்டூலைத் தள்ளினார், டீ வரவழைத்தார். அந்த உபசாரம்தான் என்னை அதிகம் வதைத்தது. திட்டியிருந்தால் தின்றுவிட்டு வந்திருப்பேன்.

நான் ஆரம்பித்தேன். பாதி நீர், நாலு டிகிரி, கலப்பு, சுவரில் தாள், என் பயம், என் படிப்பு, மனித மனம் தான் நம்பியதையே அளக்கும் விதம். ஒப்பந்தம் தொடரும் என்ற ஒரு வாக்கியத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். டீ ஆறி, மேலே ஆடை கட்டியது. பாய் பொறுமையாகக் கேட்டார். ஒப்பந்தம் என்ற சொல் வந்ததும் போனை எடுத்து, "டேய், ரெண்டு பேரும் அங்க வேலைய முட்சிட்டு வூட்டாண்ட வந்துடுங்க" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நெனிக்காதீங்க. உங்க மன்னிப்பு கீதே, கரண்ட்டு ஜாஸ்தி, கூலிங் கம்மி."